நரசிம்மலு அழிக்கச் சொன்ன ரவுட்டர்

கல்யாண மண்டபத்துக்குப் போனால் நரசிம்மலு சார் செருப்பை ஜோடியாகக் கழற்றிவிட மாட்டார். ஒன்றை வாசலுக்கு இடப்பக்கமும் மற்றதைக் குழாயடி ஓரமும் விட்டுவிட்டுத்தான் உள்ளே போவார். ஒற்றைச் செருப்பை எவன் தூக்கிக்கொண்டு போவான் என்பது அவர் கணக்கு. சாப்பிட்டு முடித்து வந்து இரண்டையும் தேடிக்கொண்டிருப்பவரை நானே இரண்டு கல்யாணங்களில் பார்த்திருக்கிறேன். தக்காளி வாங்கினால் தராசின் இரண்டு தட்டையும் மாற்றிப் போட்டு நிறுக்கச் சொல்வார். போட்டோ ஸ்டுடியோவில் நெகட்டிவைக் கையோடு வாங்கிக்கொள்ளாமல் படியிறங்க மாட்டார்.

கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் நூல் மில்லில் அவர்தான் கம்ப்யூட்டர் பிரிவுக்கு மேனேஜர். நான் டெஸ்பாட்ச் பிரிவில் குமாஸ்தா. எந்த லாரியில் எத்தனை மூட்டை நூல் ஏறியது என்று கம்ப்யூட்டரில் பதிவது என் வேலை. நான் பதிந்ததை காந்திபுரத்தில் இருந்த எங்கள் ஹெட் ஆபீசில் அடுத்த நிமிடமே பார்த்து பில் போடுவார்கள். இரண்டு இடத்துக்கும் நடுவே ஒரு தனி லைன் இருந்தது. அந்த லைனுக்கு இந்த முனையில் ஒரு ரவுட்டர், அந்த முனையில் ஒரு ரவுட்டர். எங்கள் பக்கத்து ரவுட்டர் சாப்பாட்டு டிபன் பாக்ஸ் அகலத்தில், இரண்டு விரல் உயரத்தில் ஒரு பெட்டி. அதற்காகத் தனி அறை, தனி ஏசி, கதவுக்கு இரண்டு பூட்டு. இரண்டு சாவியும் நரசிம்மலு சாரின் அரைஞாணில்.

பெட்டியை வாங்கி வந்து ஓட வைத்தவன் சஹீர். கோட்டைமேட்டுப் பையன், மூன்று வருடம் சாருக்குக் கீழே வேலை பார்த்தான். வேலை தெரிந்தவன் என்பதே சாருக்கு அவன் மேல் சந்தேகம் வரப் போதுமானதாக இருந்தது. தினமும் சாயங்காலம் கிளம்பும்போது அவன் பையைத் திறந்து காட்டச் சொல்வார். சஹீரும் சிரித்துக்கொண்டே திறந்து காட்டுவான். உள்ளே ஒரு டிபன் பாக்ஸும் அவன் பெண் குழந்தையின் போட்டோவும் இருக்கும். ஒருநாள் சிரிப்பதை நிறுத்தினான். அந்த மாதக் கடைசியில், 1999 மார்ச்சில், வேலையையும் விட்டுவிட்டான். உக்கடத்தில் ஒரு சிநேகிதனோடு சேர்ந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை போட்டான்.

அவனுக்கு வேண்டியது ஒன்றுதான். மூன்று வருடம் இங்கே வேலை பார்த்தான் என்று மில் லெட்டர்ஹெட்டில் ஒரு சர்டிபிகேட். ஷார்ஜாவில் ஒரு வேலை தகைந்திருந்தது. அந்தக் காகிதம் இல்லாமல் விசா நகராது. ஏப்ரலில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தான். "எதுக்குப்பா இத்தனை அவசரம்?" என்று கேட்டே சார் ஆறு மாதத்தை ஓட்டிவிட்டார். ஆயுத பூஜையன்று பொரி வாங்கிக்கொள்ள வந்தபோது மறுபடியும் கேட்டான். "வெள்ளிக்கிழமைக்குள்ள ஏஜெண்டுகிட்டக் குடுக்கோணுங்க சார்" என்றான். பூஜை முடிந்து மில் திறக்கிற அன்று வரச் சொன்னார்.

மில் திறந்த அன்று காலை என் கம்ப்யூட்டரில் ஹெட் ஆபீஸ் கிடைக்கவில்லை. அங்கிருந்து போன் வந்தது, அவர்களுக்கும் மில் கிடைக்கவில்லை. நரசிம்மலு சார் இரண்டு பூட்டையும் திறந்து உள்ளே போனார், பின்னாலேயே நானும் போனேன். ரவுட்டரின் நெற்றியில் சந்தனம், நடுவில் குங்குமம். விளக்குகள் எல்லாம் ஒழுங்காக எரிந்தன. வேலை மட்டும் நடக்கவில்லை.

பெட்டிக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கத் தனியாக ஒரு கம்ப்யூட்டரை வயரில் கோத்து வைத்திருந்தார்கள். சார் அதன் முன்னால் உட்கார்ந்து, எனக்கு முதுகைக் காட்டி விசைப்பலகையை மறைத்துக்கொண்டு பாஸ்வேர்டை அடித்தார். ஏற்கவில்லை. மறுபடி அடித்தார். ஏற்கவில்லை. மூன்றாவது முறை ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். அப்போதும் ஏற்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தபோது அவர் முகம் வெளிறிப் போயிருந்தது.

"இந்தப் பாஸ்வேர்டு என்னைத் தவிர ஒரு ஆளுக்கும் தெரியாதம்மணி. ஆரோ உள்ள வந்து மாத்திப்போட்டாங்க."

முதலில் மாட்டிக்கொண்டது மயிலாத்தாள். மில் பெருக்கித் துடைக்கிறவள். பூஜைக்கு முந்தின நாள் அந்த அறையைத் துடைத்தவள் அவள்தான்.

"ஈரத்துணி வெச்சு என்ன பண்ணுனே? உண்மையச் சொல்லு."

"ஏனுங் சாமி, நீங்கதான பக்கத்துலயே நின்னீங்கொ? நீங்க தொடைன்னீங்கொ, தொடச்சேன். போன வருசமும் நாந்தான தொடச்சேன்? அப்ப நல்லாத்தான ஓடுச்சு?"

போன வருடமும் அவள்தான் துடைத்தாள், ஒன்றும் ஆகவில்லை. அவளுக்குப் பாஸ்வேர்டு என்றால் என்னவென்றும் தெரியாது. சார் அவளை விட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தார், ஏசி ஓட்டையைப் பார்த்தார், கதவுப் பூட்டில் கீறல் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்.

அப்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "சார், பூஜையன்னைக்கு சஹீர் இந்த ரூம்கிட்ட நின்னுட்டிருந்தாருங்க" என்றேன்.

சொன்னது பொய்யில்லை. அந்த அறைக்குப் பக்கத்தில் தண்ணீர் டிரம் இருக்கிறது. சஹீர் டம்ளரில் தண்ணீர் மொண்டு குடித்துக்கொண்டிருந்தான். அதைச் சொல்லாமல் முதல் பாதியை மட்டும் சொன்னேன். சந்தேகம் என்பது சளியைப் போல, ஒரே அறையில் இருந்தால் தொற்றிக்கொள்ளும். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சாருக்கு அது போதும். பதினோரு மணிக்குள் மில் முழுக்கப் பேச்சு பரவிவிட்டது. சர்டிபிகேட் கொடுக்காத ஆத்திரத்தில் சஹீர் ரவுட்டரைப் பூட்டிவிட்டானாம். முதலாளி சுப்பண்ணன் தோட்டத்தில் இருந்து நேராக ஜீப்பில் வந்து இறங்கினார்.

"ஏனுங்க நரசிம்மலு, அந்தப் பையனா இப்படிப் பண்ணிப்போட்டான்? நம்ம ஊட்டுப் புள்ளையாட்டத்தான இருந்தான்?"

"அப்படி இருக்கறவங்கதானுங்க பண்ணுவாங்க."

"அப்ப ஸ்டேஷன்ல ஒரு வார்த்தை சொல்லிப்போடலாம். இன்ஸ்பெக்டர் நமக்கு வேண்டியவர்தான்."

போலீஸில் பேர் ஏறினால் சஹீரின் பாஸ்போர்ட்டும் ஷார்ஜாவும் அதோடு சரி. அது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

பதினொன்றரைக்கு, ரவுட்டர் விற்ற கம்பெனியின் சர்வீஸ் ஆள் அருண்குமார் மோட்டார் பைக்கில் வந்து சேர்ந்தான். மூன்று மணிக்கு அவிநாசியில் வேறு வேலை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேதான் உட்கார்ந்தான். விளக்குகளைப் பார்த்தான், வயர்களை ஆட்டிப் பார்த்தான்.

"பெட்டிக்கு ஒண்ணும் ஆகலீங்க சார். லைனும் நல்லா இருக்குது. உள்ள எழுதியிருக்கறதுலதான் கோளாறு. எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு, கம்பெனியில இருந்து வந்தப்ப எப்படி வெறுசா இருந்துச்சோ அப்படி ஆக்கிரலாம். அப்புறம் முதல்ல இருந்து எழுதிக்கலாம்."

"அழிச்சா என்னென்ன போகும்?" என்று முதலாளி கேட்டார்.

"எல்லாமே போயிருங்க. ஹெட் ஆபீஸ் மெஷினுங்க நம்பர், இங்கத்த மெஷினுங்க நம்பர், எந்த வழியாப் போகோணும், ஆரை விடோணும், ஆரை விடக்கூடாது, பாஸ்வேர்டு, ஒண்ணு மிச்சமிருக்காது. காயிதத்துல எழுதி வெச்ச காப்பி இருந்தா ஒரு மணி நேர வேலை. இருக்குதுங்களா?"

காப்பி இல்லை. சஹீர் ஒரு காலத்தில் அச்சடித்து வைத்திருந்தான். எவன் கண்ணிலாவது பட்டுவிடும் என்று அதைப் பதினாறு துண்டாகக் கிழித்துப் போட்டவர் நரசிம்மலு சார்தான்.

"பரவால்ல, அழிச்சிரு" என்றார் சார். "அவன் உள்ள என்னத்த வெச்சிட்டுப் போனானோ! ஒரு எழுத்து மிச்சம் வெக்காத."

அந்த நேரத்தில்தான் வாசலில் சஹீர் வந்து நின்றான். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் மடங்காத பெரிய காகித உறை. சர்டிபிகேட் கசங்கிவிடக்கூடாதென்று வாங்கி வந்திருக்கிறான்.

"கூப்பிடாமயே வந்துட்டான் பாத்தீங்களா" என்றார் சார் முதலாளியிடம். வரச் சொன்னதே அவர்தான் என்பது அவருக்கு மறந்துவிட்டது.

என்ன நடந்தது என்று முதலாளியே சொன்னார். ஸ்டேஷன் என்ற வார்த்தையையும் சொன்னார். சஹீர் ரவுட்டரின் பக்கம் ஒரு எட்டு வைத்தான்.

"கைய வெக்காத!" என்று சார் கத்தினார்.

சஹீர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். "நான் தொடலீங்க சார். அந்த சார்கிட்டச் சொல்றேன், அவரே அடிக்கட்டும். என்னோட பழைய பாஸ்வேர்டு, யுஸ்ரா தொண்ணூத்தெட்டு. போட்டுப் பாக்கச் சொல்லுங்க."

அருண்குமார் அடித்தான். ரவுட்டர் திறந்துகொண்டது.

யுஸ்ரா அவன் பெண்ணின் பெயர். பையில் இருந்த போட்டோவுக்குரியவள். அந்த அறையில் ஒருவருக்கும் அது அப்போது தோன்றவில்லை. முதலாளி மேசையைத் தட்டினார்.

"அப்ப நீதான்! நரசிம்மலு போட்ட பாஸ்வேர்டு போயி, உன்ற பாஸ்வேர்டு உள்ள உக்காந்திருக்குது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"அழி" என்றார் நரசிம்மலு சார்.

அருண்குமார் அழிப்பதற்கான கட்டளையை அடித்தான். நிச்சயமாக அழிக்கலாமா என்று திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது. அவன் விரல் என்டர் விசைக்கு மேலே இருந்தது.

"அழிக்காதீங்க சார்!" என்று சஹீர் குறுக்கே வந்தான். "அதை அழிச்சுப்போட்டா எனக்கு வேற சாட்சி இல்லீங்க. அதுக்குள்ள லைன் எந்த ஆபீசுக்குப் போகுதுன்னு பேர் எழுதியிருக்கும். கிராஸ்கட் ரோடுன்னு இருந்தா என்னையக் கொண்டு போயி ஸ்டேஷன்ல விடுங்க, நானே ஜீப்புல ஏறி உக்காந்துக்கறேன். ராஜ வீதின்னு இருந்தா நான் தொடலைன்னு அர்த்தம்."

எங்கள் ஹெட் ஆபீஸ் முன்பு ராஜ வீதியில் இருந்தது. அந்த வருடம் மார்ச்சில்தான் காந்திபுரம் கிராஸ்கட் ரோட்டுக்கு மாறியது. புது ஆபீசில் மெஷின்களுக்கெல்லாம் புது நம்பர் வைத்தார்கள். இதற்கும் பூட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று முதலாளிக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

அருண்குமாருக்குப் புரிந்தது. விரலை எடுத்துவிட்டுத் திரும்பினான். "சார், இதை எப்பவாச்சும் ஆஃப் பண்ணுனீங்களா?"

"யுபிஎஸ் இருக்குது, ஜெனரேட்டர் இருக்குது. ஏன் ஆஃப் ஆகுது?" என்றார் சார். சொன்னவரின் கண் பிளக்கின் மேல் போய் நின்றது.

பூஜைக்கு முந்தின நாள் ஈரத்துணி பட்டு ஷாக் அடிக்கும் என்று பிளக்கைப் பிடுங்கியது அவர்தான். துடைத்து, பொட்டு வைத்து, பூஜை போட்ட ஆயுதத்தை அன்றைக்குத் தொடக்கூடாது என்று அப்படியே விட்டுவிட்டு, மில் திறந்த அன்று காலைதான் மறுபடி சொருகினார்.

"ஏனுன்னா," என்றான் அருண்குமார், "ஓடிட்டு இருக்கறப்ப நாம மாத்தறது சிலேட்டுல எழுதறாப்பலங்க. சேவ் பண்ணுனாத்தான் நோட்டுல ஏறும். சேவ் பண்ணாட்டி, கரண்டு நின்னதும் சிலேட்டு தொடச்சுப் போயிரும். மறுக்கா ஆன் பண்ணுனா நோட்டுல இருக்கற பழசை எடுத்துக்கும். பாஸ்வேர்டும் அப்படித்தான். ஆபீஸ் மாறுனப்ப மாத்துனதை ஆராச்சும் சேவ் பண்ணுனாங்களான்னு தெரியுங்களா?"

நான் நரசிம்மலு சாரைப் பார்த்தேன். அவர் சஹீரைப் பார்த்தார். சஹீர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மார்ச்சில் நடந்ததைச் சார் பிற்பாடு தன் வாயாலேயே எனக்குச் சொன்னார். ஆபீஸ் மாறிய அன்று சஹீர் இந்த அறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினான். சார் பின்னால் நின்றார். வேலையை விடப்போகிறவனுக்குப் பாஸ்வேர்டு தெரியக்கூடாதென்று, சஹீரை எழுப்பி வெளியே நிறுத்திவிட்டுத் தானே புதிது போட்டார். உள்ளே திரும்பி வந்த சஹீர், "சேவ் பண்ணிரட்டுங்களா சார்?" என்று கேட்டான். சாருக்கு உடனே சந்தேகம். என்னத்தைச் சேர்த்து உள்ளே தள்ளப் பார்க்கிறான்? "இரு இரு. நிரந்தரமா ஒண்ணும் எழுத வேண்டாம். ரெண்டு நாள் ஓடட்டும், பாத்துட்டு அப்புறம் பண்ணலாம்" என்றார். ரெண்டு நாள் ஓடியது. ஒரு வாரம் ஓடியது. சஹீர் போய்விட்டான். யாரும் இல்லாத ஹெட் ஆபீசில் அதே சஹீர் தனியாக உட்கார்ந்து செய்த வேலை சேவ் ஆகி ஒழுங்காக இருந்தது. சார் பின்னால் நின்ற இடத்தில் மட்டும்தான் இல்லை.

இது அவர்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த விஷயம். ஒரு என்டரை அழுத்தினால் போதும், ராஜ வீதியும் இல்லை, கிராஸ்கட் ரோடும் இல்லை. மேனேஜர் சொல்லுக்கு எதிரே, கோபித்துக்கொண்டு போன ஒரு பையனின் சொல் எத்தனை நேரம் நிற்கும்?

"மணியாச்சுங்க சார்" என்றான் அருண்குமார். "அழிக்கட்டுங்களா, வேண்டாங்களா?"

ஏசி அறையில் சாரின் சட்டை முதுகு நனைந்திருந்தது. அரைஞாண் சாவியைத் தொட்டார், விட்டார், மறுபடி தொட்டார். அவர் அழிக்கத்தான் சொல்லப்போகிறார் என்று நான் நினைத்தேன். ஆறு வருடம் அவரைப் பார்த்த எனக்கு வேறு மாதிரி நினைக்கத் தோன்றவில்லை.

"அழிக்காதப்பா" என்றார். "பாரு."

அருண்குமார் அந்தக் கட்டளையை ரத்து செய்துவிட்டு, உள்ளே எழுதியிருந்ததைத் திரையில் வரவழைத்தான். வரிவரியாக ஏறியது. நடுவில் ஆங்கிலத்தில் ராஜ வீதி ஹெட் ஆபீஸ் என்று எழுதியிருந்தது. நம்பர்கள் எல்லாம் பழைய ஆபீஸின் நம்பர்கள்.

முதலாளிக்கு அது போதவில்லை. "அதையும் இவனே எழுதியிருக்கலாமே? பழசையே கொண்டாந்து வெச்சிருக்கலாமே?"

சஹீரிடம் இருந்த சாட்சி அவ்வளவுதான்.

"அவன் எழுதலீங்க" என்றார் நரசிம்மலு சார். "சேவ் பண்ணட்டுமான்னு கேட்டான். நாந்தான் வேண்டாம்னேன். பிளக்கைப் புடுங்குனதும் நாந்தானுங்க. வேற ஆரும் இல்லீங்க."

முதலாளி சாரைப் பார்த்தார், ரவுட்டரின் குங்குமத்தைப் பார்த்தார், பெரிதாக ஒரு மூச்சு விட்டார். "செரி செரி. லைன் எப்ப வரும்?" என்று கேட்டுவிட்டு ஜீப்பைப் பார்க்கப் போய்விட்டார். சாரின் ஆறு மாதச் சந்தேகம் அவருக்கு அவ்வளவுதான்.

நான் சஹீரிடம் போனேன். "நீங்க தண்ணி குடிச்சிட்டிருந்தீங்கன்னு நான் சொல்லலீங்க, ரூம்கிட்ட நின்னீங்கன்னு மட்டும் சொல்லிப்போட்டேன்" என்றேன். "தெரியுமுங்க" என்றான். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அருண்குமார் எழுந்து இடம் விட்டான். சாரே நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரு சஹீர்" என்றார். ஹெட் ஆபீசில் இருந்து புது நம்பர்களை ஒருவர் போனில் படிக்க, நான் திருப்பிச் சொல்ல, சஹீர் பழையவற்றை மாற்றி அடித்தான். அழித்திருந்தால் இரண்டு நாளாகியிருக்கும் என்றான் அருண்குமார். மாற்ற வேண்டியது பத்துப் பன்னிரண்டு வரிதான், அரை மணியில் ஹெட் ஆபீஸ் கிடைத்துவிட்டது. புதுப் பாஸ்வேர்டு போடும்போது சஹீர் தானாக எழுந்து வெளியே போய் நின்றான். சார் அவனைக் கூப்பிட வாயெடுத்தார், கூப்பிடவில்லை.

"சேவ் பண்ணட்டுங்களா சார்?" என்று சஹீர் உள்ளே வந்து கேட்டான். அவன் குரலில் கிண்டல் இல்லை.

"பண்ணுப்பா."

பண்ணினான். பிறகு எழுந்து, "சார், இப்ப நீங்களே பிளக்கைப் புடுங்கிட்டு மறுக்கா சொருகுங்க. எல்லாரும் இருக்கறப்பவே. நான் போன பொறகு ஒரு பேச்சு வரக்கூடாதுங்க" என்றான்.

சார் பிடுங்கினார். விளக்குகள் அணைந்தன. சொருகினார். ஒவ்வொன்றாக எரிந்து, என் கம்ப்யூட்டரில் ஹெட் ஆபீஸ் மறுபடியும் வருவதற்குள் இரண்டு நிமிடம் ஆனது.

சர்டிபிகேட்டை நான்தான் டைப் அடித்தேன். சார் சொல்லச் சொல்ல அடித்தேன். மூன்று வருடம், நாணயமானவர், நம்பிக்கைக்குரியவர் என்று அவரே சொன்னார். கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து, நீட்டினார். சஹீர் வாங்கி நின்ற இடத்திலேயே படித்தான். தேதியைப் பார்த்தான். தன் பெயரின் எழுத்துகளை விரல் வைத்துப் பார்த்தான். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து சீலைப் பார்த்தான்.

"சீல் ஓரத்துல தெளிவா விழுகலீங்க சார். இன்னொருக்கா வைங்க."

சார் வைத்தார்.

"ஒரு ஜெராக்ஸ் எடுத்து, அதுலயும் ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க. இங்க ஃபைல்லயும் ஒண்ணு வைங்க. ஷார்ஜாவுல இருந்து போன் பண்ணிக் கேட்டா, அப்படி ஒண்ணு குடுக்கவே இல்லைன்னு ஆரும் சொல்லீரக் கூடாது."

நரசிம்மலு சார் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அவனை ஏறிட்டுப் பார்த்தார். நிஜமாகவே அவருக்கு வலித்திருந்தது. "ஏப்பா சஹீர், என்ற மேல அவ்வளவு கூடவா நம்பிக்கை இல்ல?"

சஹீர் உறையைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தான்.

"உங்ககிட்ட மூணு வருசம் வேலை பாத்தவனுங்க சார்" என்றான்.

சார் ஜெராக்ஸிலும் கையெழுத்துப் போட்டார்.